ரேடியேட்டருக்கு எந்த ஃபேன், திறந்த பக்கத்துக்கு எந்த ஃபேன்?

"என் கேபினட்டில் முன்பக்கம் 360 ரேடியேட்டர், அதற்கு முன்னால் தூசி ஃபில்டர். கைவசம் மூணு ஏர்ஃப்ளோ ஃபேன் இருக்கு, பெட்டியில் சிஎஃப்எம் நிறையப் போட்டிருக்கு. ஆனா ரேடியேட்டருக்கு ஸ்டேட்டிக் பிரஷர் ஃபேன்தான் போடணும்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமாவே மாத்தணுமா? மாத்தினா பழைய ஃபேனை எங்கே போடுறது?"

மாற்றினால் பலன் இருக்கும். ஆனால் உடனே வாங்கப் போகாதீர்கள். முதலில் அந்தத் தூசி ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு தடவை வெப்பநிலையைப் பாருங்கள், ஏனென்றால் இப்படிக் கேட்டு வருகிறவர்களின் கேபினட்டைத் திறந்து பார்த்தால் பாதிக்குப் பாதி குற்றவாளி ஃபேனாக இருப்பதில்லை, ஃபில்டர்தான். நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு சில வருடம் கட்டடங்களுக்கான காற்றுக்குழாய், ஃபேன் வேலை பார்த்தவன். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேலாக வாட்டர் கூலிங் போட்ட கணினிகளைக் கட்டித் தருகிறேன். இந்த இரண்டு வேலையிலும் ஃபேனின் இயல்பு ஒன்றுதான், அளவுதான் வேறு.

பெட்டியில் போட்டிருக்கிற இரண்டு எண்களை முதலில் பார்த்துவிடலாம், குழப்பம் பூராவும் அங்கேதான் பிறக்கிறது. வாயை நன்றாகத் திறந்து ஊதுங்கள்: காற்று தாராளமாகப் போகும், கன்னத்தில் அழுத்தம் எதுவும் தெரியாது. இப்போது உள்ளங்கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு ஊதுங்கள்: கன்னம் உப்பும், அழுத்தம் உச்சத்தில் இருக்கும், ஆனால் ஒரு துளி காற்றும் நகராது. பெட்டியில் நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று போட்டிருக்கும் சிஎஃப்எம் என்பது முதல் நிலை, அதாவது ஃபேனுக்கு முன்னாலும் பின்னாலும் எதுவுமே இல்லாதபோது தள்ளும் காற்று. ஸ்டேட்டிக் பிரஷர் என்பது இரண்டாவது நிலை, வழியை முழுக்க அடைத்துவிட்டபோது ஃபேன் உண்டாக்கும் அழுத்தம். உங்கள் கேபினட்டில் எந்த ஃபேனும் இந்த இரண்டு நிலையிலும் ஓடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே எங்கேயோ ஓடுகிறது, அந்த இடம் எது என்பதை ஃபேன் மட்டும் தீர்மானிப்பதில்லை. முன்னால் நிற்கிற ஃபில்டரும் பின்னால் இருக்கும் ரேடியேட்டரும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

நீங்கள் மாடல் பெயர் சொல்லவில்லை, அதனால் எண்கள் வெளிப்படையாகக் கிடைக்கிற ஒரு ஜோடியை எடுத்துக்கொள்கிறேன். நாக்டுவாவின் NF-S12A திறந்தவெளிக்கென்றே செய்த ஏர்ஃப்ளோ ஃபேன். 1200 ஆர்பிஎம்மில் மணிக்கு 107.5 கன மீட்டர் காற்று, 1.19 மில்லிமீட்டர் நீர் அழுத்தம், சத்தம் 17.8 டெசிபெல். அதே நிறுவனத்தின் NF-F12 ரேடியேட்டருக்கென்று செய்தது. 1500 ஆர்பிஎம்மில் 93.4 கன மீட்டர், 2.61 மில்லிமீட்டர், 22.4 டெசிபெல். ஒரு மில்லிமீட்டர் நீர் என்றால் ஏறக்குறைய 9.8 பாஸ்கல், அதாவது ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் படலம் அடியில் கொடுக்கும் அழுத்தம். மிகச் சிறிய அளவு இது. நாம் பேசிக்கொண்டிருக்கும் சண்டை மொத்தமும் இந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள்தான் நடக்கிறது, அதனால்தான் மெல்லிய வலை ஒன்று கூட இவ்வளவு பாதிக்கிறது.

இந்த இரண்டு ஃபேனையும் அப்படியே ஒப்பிடுவது நியாயமில்லை, ஒன்று 1200-லும் மற்றது 1500-லும் சுற்றுகிறது. சுழற்சியைக் குறைத்தால் காற்று அதே விகிதத்தில் குறையும், அழுத்தம் அந்த விகிதத்தின் வர்க்கத்தில் குறையும். F12-ஐ 1200-க்கு இறக்கினால் காற்று சுமார் 75 கன மீட்டர், அழுத்தம் சுமார் 1.67 மில்லிமீட்டர் ஆகிவிடும், சத்தமும் S12A அளவுக்கு வந்துவிடும். இப்போது சம சத்தத்தில் இரண்டையும் பார்க்கலாம். எதுவும் குறுக்கே இல்லாத இடத்தில் S12A 107, F12 75. பெரிய வித்தியாசம், ஏர்ஃப்ளோ ஃபேன் தெளிவாக முன்னால் நிற்கிறது. சரி, இப்போது ஒரு ஃபேனுக்கு மணிக்கு 50 கன மீட்டர் காற்று போக 1 மில்லிமீட்டர் அழுத்தம் கேட்கிற ஒரு தடையை முன்னால் வையுங்கள், மெல்லிய ரேடியேட்டரும் ஓரளவு சுத்தமான ஃபில்டரும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். காற்று இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும் என்ற கணக்கில், ஃபேனின் இரண்டு எண்களையும் நேர்கோட்டால் இணைத்துப் போட்டால், S12A-வுக்கு 42 வருகிறது, F12-க்கும் 42 வருகிறது. அத்தனை பெரிய முன்னிலை ஒரே தடையில் காணாமல் போய்விட்டது. F12-ஐ மறுபடி 1500-க்கு ஏற்றினால் 53. S12A-வை அப்படி ஏற்ற முடியாது, அதன் உச்சமே 1200-தான்.

இந்தக் கணக்கில் எது உறுதி, எது தோராயம் என்பதைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பெட்டி எண்களும், சுழற்சிக்கும் காற்றுக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவும் உறுதியானவை. நான் வைத்த தடை ஒரு உதாரணம்தான், உங்கள் ரேடியேட்டர் அதைவிட இறுக்கமாகவோ தளர்வாகவோ இருக்கலாம். நேர்கோடு என்பதும் தோராயம், அந்தத் தோராயம் ஏர்ஃப்ளோ ஃபேனுக்குச் சாதகமானது. அச்சு வழியாகக் காற்றுத் தள்ளும் ஃபேன்களில், தடை கூடிக்கொண்டே போகும்போது ஒரு கட்டத்தில் இறக்கையின் பின்பரப்பை விட்டுக் காற்று பிய்த்துக்கொள்ளும், அழுத்தக் கோடு அந்த இடத்தில் நேராகப் போகாமல் தொய்ந்துவிடும். விமானத்தின் இறக்கை தூக்கும் சக்தியை இழக்குமே, அதே விஷயம்தான். இறக்கைகளுக்கு நடுவே நிறைய இடைவெளி விட்ட ஏர்ஃப்ளோ ஃபேன்களில் இந்தத் தொய்வு சீக்கிரமே வந்துவிடுகிறது, அதுவும் சரியாக ரேடியேட்டர்கள் நிற்கிற பகுதியில். அதனால் நிஜத்தில் S12A அந்த 42-ஐ எட்டாது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதைக் காதாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். திறந்து வைத்தால் சீரான "ஹூ" என்று போகிற ஃபேன், ரேடியேட்டரில் மாட்டியதும் சற்றே கரகரப்பாக, அலை அலையாக ஏறி இறங்கும் ஒலிக்கு மாறினால், காற்று இறக்கையைப் பிடிக்கவில்லை என்று பொருள். இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டுமானால் தையல் நூல் ஒன்றை நாலு விரல் நீளம் வெட்டி, நுனியைப் பிடித்துக்கொண்டு ரேடியேட்டரின் காற்று வெளியேறும் முகத்தில் மெல்ல நகர்த்துங்கள். இறக்கை சுற்றும் வளையத்தில் நூல் வெளியே நீட்டிக்கொண்டு துடிக்கும், நடுவில் மோட்டார் இருக்கிற வட்டத்துக்கு நேராகத் தொய்ந்துவிடும், இரண்டும் சாதாரணம். அப்புறம் நூலை ஃபேன் காற்று இழுக்கிற பக்கத்துக்குக் கொண்டுபோய் விளிம்பில் பிடியுங்கள். உள்ளே போக வேண்டிய நூல் அங்கே உங்கள் பக்கமாகவே தள்ளப்பட்டால் அதுதான் திரும்பி வரும் காற்று: அழுத்தம் போதாமல், தள்ளிய காற்றே இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாகப் பின்வாங்குகிறது. பிரஷர் ஃபேன்களில் அந்த இடுக்கைக் குறைக்க நிறுவனங்கள் இவ்வளவு மெனக்கெடுவது இதற்காகத்தான். NF-A12x25-ல் அந்த இடைவெளி வெறும் 0.5 மில்லிமீட்டர்.

அந்த ஃபேனைப் பற்றியே இன்னொன்று சொல்ல வேண்டும், பெட்டி எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் எப்படித் தவறும் என்பது அதில் தெரியும். NF-A12x25 2000 ஆர்பிஎம்மில் 102.1 கன மீட்டர், 2.34 மில்லிமீட்டர், 22.6 டெசிபெல். அழுத்தத்தை மட்டும் பார்க்கிறவர் 2.61 பெரிது என்று F12-ஐ எடுப்பார். சத்தம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே, ஆகவே இது நியாயமான ஒப்பீடு. மேலே போட்ட அதே தடையில் அதே நேர்கோட்டுக் கணக்கைப் போட்டால் இரண்டுமே 53 கன மீட்டர் தருகின்றன. திறந்த இடத்தில் A12x25 102, F12 93. ஆக, அழுத்த எண் குறைவாக இருந்தும் ரேடியேட்டரில் சளைக்கவில்லை, திறந்த இடத்தில் முந்துகிறது. இது ஆர்பிஎம் கூடுதலாக ஓடியும் சத்தம் ஏறாத ஃபேன் என்பதால் கிடைத்த பலன். எனவே இரண்டு ஃபேனை ஒப்பிடும்போது ஒரே ஆர்பிஎம்மில் வைத்து ஒப்பிடாதீர்கள், ஒரே சத்தத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நாம் உண்மையில் வரம்பு வைப்பது சத்தத்துக்குத்தான், சுழற்சிக்கு இல்லை.

இப்போது சத்தமே இல்லாமல் ஓட்ட நினைக்கிறவர்கள் அடிக்கடி விழும் குழி. சுழற்சி பாதியானால் காற்று பாதியாகும், அழுத்தமோ கால்வாசியாகிவிடும். S12A-வை 600-ல் ஓட்டினால் அதனிடம் இருப்பது மொத்தமே 0.3 மில்லிமீட்டர். தடையும் அதே வேகத்தில் இறங்கிக்கொண்டு வந்தால் பிரச்சினை இல்லை, கம்பி வலை, துளை போட்ட தகடு மாதிரியான தடைகள் ஏறக்குறைய அப்படித்தான் இறங்கும். ஆனால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே காற்று மெதுவாகப் போகும்போது தடை அவ்வளவு வேகமாக இறங்குவதில்லை, காற்று பாதியானால் தடையும் பாதிதான் ஆகிறது. ஃபேனின் பலம் கால்வாசி, எதிர்ப்பு பாதி. ஆக, ஃபேனை மெதுவாக ஓட்ட ஓட்ட ரேடியேட்டர் அதற்கு இன்னும் இறுக்கமாகத் தோன்றும். 1200-ல் சமாளித்த ஏர்ஃப்ளோ ஃபேன் 600-ல் சமாளிக்காமல் போவதற்குக் காரணம் இதுதான். மெதுவாக ஓட்டத்தானே போகிறேன், எந்த ஃபேனாக இருந்தால் என்ன என்று நினைக்கத் தோன்றும். ரேடியேட்டர் விஷயத்தில் அது நேர் எதிர், மெதுவாக ஓட்டுகிறவருக்குத்தான் பிரஷர் ஃபேன் அதிகம் தேவை. அடர்த்தியான தகடுகளோ, தடிமனான ரேடியேட்டரோ இருந்தால் இன்னும் கூடுதலாகத் தேவை.

ஆனால் இந்த 42-க்கும் 53-க்கும் உள்ள வித்தியாசம் உங்கள் செயலியில் எத்தனை டிகிரியாக வரும்? இங்கேதான் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். காற்று எடுத்துச் செல்லும் வெப்பத்துக்கு எளிய கணக்கு உண்டு: மணிக்கு ஒரு கன மீட்டர் காற்று, ஒரு டிகிரி சூடேறினால், ஏறக்குறைய மூன்றில் ஒரு வாட் வெப்பத்தைக் கொண்டுபோகும். மூன்று ஃபேன், ஒவ்வொன்றும் 42 என்றால் மொத்தம் 126 கன மீட்டர். செயலி 200 வாட் தருகிறது என்று வைத்தால், ரேடியேட்டரைக் கடக்கும் காற்று சுமார் 4.8 டிகிரி சூடேறும். மூன்றும் 53 என்றால் 159 கன மீட்டர், சூடேற்றம் 3.8 டிகிரி. வித்தியாசம் ஒரு டிகிரி. தண்ணீரின் வெப்பநிலையில் இது இன்னும் சற்றுக் கூடுதலாகவே தெரியும், ஏனென்றால் காற்று மெதுவாகப் போனால் தகட்டிலிருந்து வெப்பத்தைப் பிடுங்கும் திறனும் குறைகிறது. இரண்டு, மூன்று டிகிரி வரை எதிர்பார்க்கலாம். பத்து டிகிரி இறங்கும் என்று யாராவது சொன்னால், அவர் கேபினட்டில் ஃபேன் மாற்றியதோடு வேறு ஏதோவும் மாறியிருக்கிறது. தவிர, செயலியின் சிலிக்கானிலிருந்து தண்ணீர் வரை உள்ள இடைவெளியை எந்த ஃபேனும் தொடுவதில்லை. தண்ணீர் 35 டிகிரியில் இருக்கும்போதே செயலி 85-ல் நின்றால் ஃபேன் வாங்கிப் பயனில்லை, பேஸ்ட்டையும் பம்ப் தலை அழுந்தி உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அதனால்தான் ஃபில்டரை முதலில் கழற்றச் சொன்னேன். ஃபில்டரும் ரேடியேட்டரும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே காற்றின் வழியில் நிற்கின்றன, ஒரே காற்றுக்கு இரண்டு இடத்தில் சுங்கம் கட்டுகிற மாதிரி இரண்டின் தடையும் கூடிக்கொள்ளும். நைலான் வலை நன்றாக இழுத்துக் கட்டியிருந்தால் பரவாயில்லை. காந்தப் பட்டை வைத்து ஒட்டுகிற, பிளாஸ்டிக் தாளில் பொடிப் பொடியாகத் துளை போட்ட வகை, பார்க்க மெல்லியதாக இருந்தாலும் திறந்த பரப்பு குறைவு, அதனால் மூச்சுத் திணற வைக்கும். பஞ்சு வகை அதைவிட மோசம். அதோடு ஃபில்டர் புதிதாக இருக்கும்போது உள்ள தடைக்கும், இரண்டு மாதத் தூசி படிந்தபின் உள்ள தடைக்கும் சம்பந்தமே இருக்காது. ஃபில்டருக்கு முன்னால் மூடிய கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருந்து, பக்கவாட்டில் விரலகல இடுக்கு வழியாகத்தான் காற்று வர வேண்டுமென்றால் அது மூன்றாவது தடை. அப்படிப்பட்ட கேபினட்டில் எந்த ஃபேன் போட்டாலும் அரைகுறைதான்.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். மூன்று ஃபேனையும் ஒரே ஆர்பிஎம்மில், 1000 என்று வைத்துக்கொள்ளுங்கள், நிலையாக நிறுத்துங்கள், வெப்பத்துக்கு ஏற்ப தானாக ஏறி இறங்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள், பம்ப்பையும் ஒரே வேகத்தில் வையுங்கள். செயலிக்கு ஏற்ற இறக்கம் இல்லாத ஒரே சுமை கொடுங்கள். தண்ணீர் சூடாக நேரம் எடுக்கும், அதனால் ஐந்து நிமிடத்தில் முடிவு எழுதாதீர்கள், அரை மணி நேரம் விடுங்கள். அறை வெப்பநிலையை ஃபேன் காற்று இழுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அளந்து, தண்ணீர் வெப்பநிலையிலிருந்து கழித்து எழுதுங்கள். தண்ணீர் சென்சார் இல்லையென்றால் செயலியின் சராசரியை எடுங்கள். முதலில் எல்லாம் மாட்டியபடி ஒரு ஓட்டம், அடுத்து ஃபில்டரை மட்டும் எடுத்துவிட்டு, அதன்பின் முன் பலகையையும் எடுத்துவிட்டு. மூன்று எண்களும் ஒரு டிகிரிக்குள் நின்றால் ஃபில்டரும் பலகையும் நிரபராதிகள், ரேடியேட்டர்தான் மிச்சம், பிரஷர் ஃபேனுக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது. ஃபில்டரை எடுத்ததுமே நான்கைந்து டிகிரி விழுந்தால் முதலில் அதைக் கழுவிக் காயவைத்து மறுபடி அளங்கள், அப்படியும் விழுந்தால் தளர்ந்த கண்ணுள்ள நைலான் வலைக்கு மாறுங்கள். பலகையை எடுத்ததும்தான் விழுகிறது என்றால் கோளாறு கேபினட்டின் வடிவத்திலேயே இருக்கிறது.

சோதனைக்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஃபேன் சட்டத்துக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கசிவு இருக்கிறதா என்று. சில ஏர்ஃப்ளோ ஃபேன்களின் மூலைகள் வெட்டி விடப்பட்டிருக்கும், கேபினட் தகட்டில் மாட்டினால் அதனால் கெடுதல் இல்லை, ரேடியேட்டரில் மாட்டும்போது அந்த நான்கு மூலை வழியாகவும் தள்ளிய காற்று பக்கவாட்டில் நழுவிவிடும். ரேடியேட்டர் மேல் சட்டம் முழுவதும் படிந்து உட்காரும் சதுரச் சட்டம்தான் வேண்டும். ரப்பர் விளிம்பு கூடவே வந்தால் மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மெல்லிய பஞ்சு நாடா சுற்றி ஒட்டினாலே போதும். இந்த ஒரு வேலை சில சமயம் ஃபேன் மாற்றுவதற்குச் சமமான பலன் தரும், கைக்காசும் செலவாகாது.

அப்புறம் ஃபேன் ரேடியேட்டருக்குள் தள்ளுவதா, ரேடியேட்டர் வழியாக இழுப்பதா என்ற கேள்வி. குளிர்ச்சியில் பெரிய வேறுபாடு கிடையாது. தூசியில் இருக்கிறது. நான் கட்டிக்கொடுத்த கணினி ஒன்று ஒன்றரை வருடம் கழித்து "ஃபேன் பலம் போய்விட்டது, வேறு மாற்றிக் கொடுங்கள்" என்று திரும்பி வந்தது. ஃபில்டர் பளிச்சென்று இருந்தது, வாரா வாரம் துடைத்திருக்கிறார். ஃபேன் ஒன்றைக் கழற்றினேன், ரேடியேட்டர் முகத்தில் சாம்பல் நிறத்தில் கம்பளி விரித்த மாதிரி ஒரு படலம், நகத்தால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் கிழியாமல் சதுரமாகவே உரிந்து வந்தது, ஃபேன் மோட்டாரின் வட்டம் அதில் அச்சாகப் பதிந்திருந்தது. ஃபில்டர் வலையில் நுழைந்து வந்த நுண்தூசியெல்லாம் ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவே, யார் கண்ணிலும் படாத இடத்தில் படிந்துவிட்டது. அதை உரித்துப் போட்டதும் பழைய ஃபேன்களே பழைய வெப்பநிலையைக் கொடுத்தன. அன்றிலிருந்து முன்பக்க ரேடியேட்டர் என்றால் ஃபேனை உள்பக்கம் மாட்டி, ரேடியேட்டர் வழியாக இழுக்கும்படிதான் வைக்கிறேன். படலம் அப்போது வெளிமுகத்தில் படியும், ஃபில்டரைக் கழற்றினால் கண்ணில் படும், பிரஷ்ஷால் தட்டிவிடலாம். வலை இறக்கைக்கு மிக நெருக்கமாக இருப்பதால் வரும் ரீங்காரமும் இந்த அமைப்பில் போய்விடும், இடையில் ரேடியேட்டரின் தடிமன் வந்துவிடுகிறதே.

உங்கள் மூன்று பழைய ஃபேன்களுக்கு இடம்: பின்பக்கமும் மேல்பக்கமும், காற்று வெளியேறும் இடங்கள். அங்கே ரேடியேட்டரும் இல்லை, ஃபில்டரும் தேவையில்லை, துளைகள் அகலமாக இருக்கும், ஏர்ஃப்ளோ ஃபேன் பிறந்ததே இதற்காகத்தான். சம சத்தத்தில் அது 107, பிரஷர் ஃபேன் 75 என்று மேலே பார்த்தோம், அந்த முன்னிலை இங்கே முழுதாகக் கிடைக்கும். பின்பக்கத் தகட்டில் அறுகோணத் துளைகள் நெருக்கமாக அச்சடித்திருந்தால் மட்டும் கவனியுங்கள், அதுவும் ஒரு தடைதான். கம்பி வளையம் போட்ட திறப்பு எவ்வளவோ மேல். முன்பக்கம் ஃபில்டரே இல்லாத, கண் அகன்ற மெஷ் முகப்பு மட்டும் உள்ள கேபினட்டாக இருந்து ரேடியேட்டர் மேலே போயிருந்தால், முன்பக்கத்துக்கும் ஏர்ஃப்ளோ ஃபேனையே போடச் சொல்லியிருப்பேன்.

ஆனால் மூன்றையும் முழு வேகத்தில் வெளியேற்ற விட்டுவிடாதீர்கள். முன்னால் ஃபில்டரும் ரேடியேட்டரும் தாண்டி உள்ளே வருவது, நாம் போட்ட கணக்கில், மூன்று பிரஷர் ஃபேனுக்கும் சேர்த்து 159 கன மீட்டர். பின்னாலும் மேலேயும் தடையின்றி ஓடும் மூன்று ஏர்ஃப்ளோ ஃபேன்கள் 300-க்கு மேல் வெளியேற்றப் பார்க்கும். பற்றாக்குறையை அவை எங்கிருந்தாவது இழுத்துத்தானே ஆக வேண்டும், கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கீழே உள்ள ஸ்லாட் தகடுகள், பக்கப் பலகையின் இடுக்கு, கேபிள் வரும் ஓட்டை என்று ஃபில்டர் இல்லாத எல்லா வழியிலும் தூசியோடு இழுக்கும், முன்னால் ஃபில்டர் மாட்டியதே வீணாகிவிடும். பின்னால் ஒன்று, மேலே பின்பக்கம் ஒட்டி ஒன்று, இரண்டு போதும். அவற்றையும் 700, 800 ஆர்பிஎம்மில் வையுங்கள். ஸ்லாட் தகட்டருகே அதே தையல் நூலைப் பிடித்துப் பாருங்கள்: நூல் உள்ளே இழுக்கப்பட்டால் பின் ஃபேன்களை இன்னும் கொஞ்சம் குறையுங்கள், வெளியே மெல்ல ஆடினால் சரியாக இருக்கிறது. மூன்றாவது ஃபேனை எடுத்து வையுங்கள். பின்னாளில் முன்பக்க ரேடியேட்டரை எடுத்துவிட்டு ஏர் கூலருக்கு மாறினால் அப்போது முன்பக்க மெஷ்ஷுக்கு அது தேவைப்படும்.